‘நம்பிக்கை ஆயிடை’ இருக்கட்டுமா, மாற்றுவோமா?

ஹட்டன் ஆசிரியை:
விடைத்தாள் திருத்திய கையோடு எழுதுகிறேன். கணக்கு இது: ஒரு தோட்டத்தில் எழுமாறாகத் தெரிந்தெடுத்த 36 பேர் ஒரு நாளில் பறித்த கொழுந்தின் இடை 17.4 கிலோ, நியம விலகல் 3.6. நியம வழு 0.6, அதை 2.03 ஆல் பெருக்கினால் 95% நம்பிக்கை ஆயிடை 16.2 முதல் 18.6 வரை. இதுவரை எல்லாரும் சரி. அடுத்த வரியில் பலரும் “தோட்டத்தின் உண்மையான இடை இதற்குள் இருக்க நிகழ்தகவு 0.95” என்கிறார்கள். ‘நம்பிக்கை’ என்ற சொல்தான் அங்கே இழுத்துவிடுகிறது. ‘பொருந்தல் ஆயிடை’ என்றால் எப்படி?

பண்டாரவளை கணக்கப்பிள்ளை:
டீச்சர், 95% ஆட்கள் 16.2க்கும் 18.6க்கும் நடுவுலன்னா நம்ப ஏலாது. எங்க மலையில பத்து கிலோக்காரரும் இருக்காங்க, இருபத்தஞ்சும் இருக்காங்க. கணக்க ஒருக்கா பாருங்க.

பேராதனை விரிவுரையாளர்:
டீச்சர் கேட்டது அதுவல்ல ஐயா. ஆனால் மாணவர் எழுதும் இன்னொரு பிழை அதேதான். ஆட்களின் பரவலைச் சொல்வது 3.6. அதன் இரு மடங்கை இருபுறமும் தள்ளினால் 10 முதல் 25 வரை வரும், நீங்கள் கண்டபடியே. 16.2–18.6 இடையைப் பற்றியது.

தோட்டத்து இடை நிலையான ஓர் எண். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். மாறுவது மாதிரி. வேறு 36 பேர், வேறு ஆயிடை. அப்படித் திரும்பத் திரும்பக் கட்டும் ஆயிடைகளில் 95% அந்த எண்ணைப் பிடிக்கும். 95% முறைக்கு உரியது, கையிலுள்ள ஒன்றுக்கு அல்ல. 1937இல் புள்ளிவிபரவியலாளர் நெய்மன் வைத்த பொருளும் இதுவே.

நுவரெலியா மாணவர்:
சேர், இடை 18 என்ற சூனியக் கருதுகோளுக்கு p = 0.32 வருது. 18உம் ஆயிடைக்குள்ள இருக்கு, ரெண்டும் ஒத்துப்போகுது. அப்ப கருதுகோள் ஏற்கப்படுது, சரிதானே? சொல்லுக்கு ‘உறுதி ஆயிடை’ போடலாமே.

பேராதனை விரிவுரையாளர்:
ஒத்துப்போவது சரி. ஆனால் 18க்குப் பதிலாக 17ஐப் போட்டுப் பாருங்கள்: p சுமார் 0.51. அதையும் ஏற்பீர்களா? இடை ஒரே நேரத்தில் இரண்டாக இருக்க முடியாதே. “நிராகரிக்கப் போதிய சான்று இல்லை” என்பதோடு நிறுத்துங்கள்.

0.32 கருதுகோள் உண்மையாயிருக்கும் நிகழ்தகவும் அல்ல. இடை உண்மையிலேயே 18 என்றால், மாதிரி இவ்வளவோ இதற்கு மேலோ ஏதாவது ஒரு பக்கம் விலகுவது நூறில் சுமார் 32 தடவை நடக்கும். அந்த ‘என்றால்’ விடுபட்ட விடைக்கு நான் புள்ளி போடுவதில்லை.

‘உறுதி’ என்பது ‘நம்பிக்கை’யை விட மோசம். ‘பொருந்தல்’ பரவாயில்லை: ஆயிடைக்குள் இருப்பவை 5% மட்டத்தில் நிராகரிக்க முடியாத பெறுமானங்கள்தானே.

ஹட்டன் ஆசிரியை:
பரீட்சைத் தாளில் பழைய சொல்தானே வரும்? பிள்ளைகள் குழம்புவார்கள். இப்போதைக்கு இரண்டையும் பலகையில் எழுதிப் பார்க்கிறேன்.

பண்டாரவளை கணக்கப்பிள்ளை:
அது சரி, அந்த 36 பேரையும் கொழுந்து நிறைஞ்ச ஒரே மலையில எடுத்திருந்தா?

பேராதனை விரிவுரையாளர்:
அப்படியென்றால் 95%உம் போச்சு, pயும் போச்சு. சூத்திரம் அதைக் காட்டிக்கொடுக்காது.