புதுப்பிப்பு: தாவலும் தட்டையும் உள்ள குவிவுப் பரவல் சார்பு

நான் கேட்டது: "P(1 ≤ X < 2)-க்கு F(2) − F(1) போட்டால் 1/3 வருகிறது, விடை 1/4 என்கிறார்கள். ஏன்?"

```
F(x) = 0,        x < 0
     = x/4,      0 ≤ x < 1
     = 1/2,      1 ≤ x < 2
     = (x+3)/6,  2 ≤ x < 3
     = 1,        x ≥ 3
```

உதவிய எல்லோருக்கும் நன்றி. விடை 1/4தான். இரு முனையிலும் இடப்பக்க எல்லையை எடுக்கச் சொன்னவரின் வழி சரியாக வந்தது. 1 கணக்கில் சேருகிறது, அதனால் தாவலுக்கு முந்தைய 1/4-ஐக் கழிக்க வேண்டும். 2 சேரவில்லை, அதனால் அங்கே தாவலுக்கு முந்தைய 1/2 போதும். நான் 2-இல் உள்ள தாவலைச் சேர்த்து, 1-இல் உள்ளதை விட்டிருந்தேன்.

"தட்டையான இடம், விடை 0" என்றவர் சொன்னது பாதி சரி. 1-க்கும் 2-க்கும் நடுவே 0தான், ஆனால் 1-இலேயே 1/4 உட்கார்ந்திருக்கிறது.

வகையிட்டு அடர்த்தி காணச் சொன்னவரின் கேள்வி வேறு போல. செய்து பார்த்தேன், மொத்தம் 5/12தான் வந்தது. மிச்ச 7/12 தாவல்களில் இருக்கிறது.

எதிர்பாராதது இடைநிலை அளவு. 1 முதல் 2 வரை எந்த எண்ணும் பொருந்துகிறது! தேர்வில் எதை எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.