அந்த பஜனைப் பாட்டுக்கு அடியில் கேட்பது என்ன?

*குடும்பக் குழு, ஞாயிறு மாலை*

நிவேதா: காலையில அத்தை அனுப்பின பஜனைப் பாட்டை கீபோர்டுல வாசிச்சுப் பார்க்கிறேன். பாட்டு முழுக்க அடியில ஒரு ரீங்காரம் ஓடிட்டே இருக்கு. அது ஹார்மோனியமா? எந்தச் சுருதின்னு அதை வச்சே கண்டுபிடிக்க முடியுமா?

மணி மாமா: ஹார்மோனியம்தான். ட்யூனர் ஆப்ல போட்டுப் பார்த்துட்டேன், C காட்டுது. சுருதிக் கணக்குல ஒரு கட்டை. முடிஞ்சது வேலை 😎

நிவேதா: நானும் C-ன்னு வச்சுதான் வாசிச்சேன் மாமா. எல்லாம் சேருது, ஆனா B வர வேண்டிய இடத்துல எல்லாம் A# வருது. போதாததுக்கு ட்யூனர் எனக்கு C, F, E, சில சமயம் G-ன்னு மாத்தி மாத்திக் காட்டுது.

கௌரி அத்தை: ராகம் தெரியணும்னா நேரடியா கேளேன்டி. ஹரிகாம்போதியா இருக்கும்.

நிவேதா: ராகம் அப்புறம் அத்தை. முதல்ல ஸா எங்கன்னு தெரியணும்.

பெரியப்பா: இப்பதான் கேட்டேன். ஹார்மோனியம் இல்லை மணி. ஹார்மோனியமோ சுருதிப்பெட்டியோ ஆனா ரீட் சத்தம் அறுபடாம வரும், துருத்தி அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் ஏறி இறங்கும். இதுல மீட்டல் இருக்கு. நிவி, ஹெட்ஃபோன் போட்டுக்கோ. பாடறவர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சில நொடி தனியா ஓடுதில்ல, அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேளு. ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டல்?

நிவேதா: நாலு! ரெண்டாவதும் மூணாவதும் ஒரே மாதிரி. நாலாவது தடிமனா, கீழ.

பெரியப்பா: தம்புரா. நடுவில ஒரே மாதிரி கேட்கற ரெண்டும் சாரணி, கடைசி அதுக்கு ஒரு ஸ்தாயி கீழ, மந்தரம். தந்திக்கும் குதிரைக்கும் நடுவுல ஜீவாளி நூல் இருக்கறதாலதான் மீட்டின பிறகு அந்த ‘ஙொய்ங்’ விரிஞ்சுக்கிட்டே போகுது. ரீட்ல அது வராது.

ஹரி: எலக்ட்ரானிக் தம்புராவா இருக்கலாமே பெரியப்பா? இப்ப எல்லாரும் ஆப்தானே.

பெரியப்பா: இருக்கலாம். ஒவ்வொரு சுற்றும் அச்சு அசல் ஒண்ணா, வேகம் இம்மி பிசகாம வந்தா மெஷின்னு சந்தேகப்படணும். இதுல இடைவெளி லேசா மாறுது, அதனால கையாலதான் மீட்டறாங்கன்னு நினைக்கிறேன். ஆனா ஸா எதுன்னு பார்க்க அது முக்கியமில்லை. முக்கியம் முதல் மீட்டல். அதைப் பிடிச்சு கீபோர்டுல தேடு.

நிவேதா: F. சாரணிக்குக் கீழ இருக்கற F.

பெரியப்பா: அதான் விஷயம். சாரணி C-ன்னா முதல் தந்தி வழக்கமா பஞ்சமம், அதாவது G-ல இருக்கணும். இங்க அதை ஒரு முழு ஸ்வரம் இறக்கி மத்தியமத்துல வச்சிருக்காங்க.

மணி மாமா: சரி, அப்ப ஸ-ம. ஸா C-தானே? நான் சொன்னது சரி.

பெரியப்பா: பாதி சரி. சாரணி C-தான், தம்புராவும் ஒரு கட்டைதான். ஆனா C-யும் F-உம் சேர்ந்து கேட்டா ரெண்டு அர்த்தம் உண்டு. C-யை ஸா-ன்னு எடுத்தா F மத்தியமம். F-ஐ ஸா-ன்னு எடுத்தா C பஞ்சமம். தம்புரா ரெண்டு ஸ்வரத்தைக் கொடுக்கும். எது ஸா-ன்னு பாட்டுதான் சொல்லணும்.

நிவேதா: பல்லவி ஒவ்வொரு தடவையும் F-ல வந்துதான் உட்காருது.

பெரியப்பா: அப்ப மத்தியம சுருதிப் பாட்டு, மத்தியமத்தையே ஸா-வா வச்சுப் பாடறது. ஸா F, நாலு கட்டை. உன் A# புதிரும் இதோட தீர்ந்தது. F-ல இருந்து சங்கராபரண ஸ்வரங்களை எண்ணிப் பாரு: F, G, A, A#, C, D, E. அந்த A# சுத்த மத்தியமம். நீ C-ல இருந்து எண்ணினதால அது கைசிகி நிஷாதமா தெரிஞ்சுது, கௌரிக்கும் ஹரிகாம்போதி மாதிரி பட்டுது. ஸ்வரக் கூட்டம் ஒண்ணுதான், உட்கார்ற இடம்தான் வேற.

கௌரி அத்தை: C-ல நின்னு ஹரிகாம்போதியாவே இருந்தா என்ன? தம்புராவை வச்சு எப்படி இல்லேன்னு சொல்றீங்க அண்ணா?

பெரியப்பா: நல்ல கேள்வி. ஹரிகாம்போதியில பஞ்சமம் இருக்கு. பஞ்சமம் இருக்கற ராகத்துக்கு பஞ்சமத் தந்தியை இறக்க ஒரு காரணமும் இல்லை. ஸா மாறாமலே தந்தியை மத்தியமத்துக்கு இறக்கறதும் உண்டுதான், இந்துஸ்தானியில மால்கௌன்ஸ் மாதிரி பஞ்சமமே இல்லாத ராகத்துக்கு. இந்தப் பாட்டுல C-க்கு மேல இருக்கற G தாராளமா வருது. அதனால அந்தக் கணக்கும் இல்லை.

நிவேதா: அப்ப ட்யூனர்ல E-யும் G-யும் எங்கிருந்து வந்துது? அந்தத் தந்தியே இல்லையே!

பெரியப்பா: மந்தரத் தந்தி உள்ளேயே வச்சிருக்கு. C-யில மீட்டினா கூடவே மெல்லிசா மேல் ஸ்வரங்களும் எழும், பகுதிச்சுரம்னு பேரு. அதுல மூணாவது G, அஞ்சாவது E. தம்புரா நல்லா சேர்ந்திருந்தா அந்த E காதுக்கே தெளிவா கேட்கும், ஸ்வயம்பு காந்தாரம்னு சொல்றது அதைத்தான். அதைக் கேட்டு ‘C மேஜர்’னு முடிவு பண்றவங்கதான் அதிகம். தோடி பாடினாலும் தம்புராவுல அந்த அந்தர காந்தாரம் கேட்டுக்கிட்டுதான் இருக்கும். அது தந்தியோட குணம், பாட்டோட ராகம் இல்லை.

மணி மாமா: ஆப் C மேஜர்னுதான் சொல்லிச்சு 🤐

பெரியப்பா: போன் ஸ்பீக்கர்ல போட்டு ஆப்கிட்ட காட்டியிருப்பே. மந்தர C 65 ஹெர்ட்ஸ்தான், போன் ஸ்பீக்கர்ல அது வெளிய வராது. மேல இருக்கற பகுதிச்சுரம்தான் ஆப்புக்குப் போகும்.

கௌரி அத்தை: நான் அஞ்சரைக் கட்டை. இதைப் பாடணும்னா பெட்டியை நாலு கட்டையில வைக்கணுமா? தொண்டை போயிடும்.

பெரியப்பா: வேண்டாம். அது அவர் குரலுக்கான சுருதி. நீ பெட்டியை உன் அஞ்சரையிலயே வச்சு பஞ்சமத்தை மத்தியமத்துக்கு மாத்திக்கோ. அஞ்சரை G#, அதோட மத்தியமம் C#. அந்த C#-ஐ ஸா-ன்னு எடுத்துப் பாடு. நிவி உனக்கு வாசிக்கறதா இருந்தா F விரலிலேயே வாசிச்சு ட்ரான்ஸ்போஸை −4 வைக்கட்டும், ஒரு ஸ்தாயி மேல போய்.

நிவேதா: சூப்பர். ஆனா ரெக்கார்டிங்கோட சேர்ந்து வாசிச்சா இன்னும் லேசா இடிக்குது. ட்யூனர்ல முள் F-க்கு 40 சென்ட் மேல நிக்குது.

ஹரி: பழைய கேசட்ல இருந்து ஏத்தினதா இருக்கும், வேகம் கூடியிருக்கு. கீபோர்டு ட்யூனிங்கை 440-ல இருந்து 450-க்கு ஏத்து.

பெரியப்பா: ஏத்தலாம். ஆனா கேசட்டால கூடிச்சா, இல்லை அவங்களே ஒரு கட்டைக்கும் ஒண்ணரைக்கும் நடுவுல கூட்டினாங்களான்னு இதை வச்சு சொல்ல முடியாது. தம்புராவும் குரலும் சேர்ந்தேதான் ஏறும்.

நிவேதா: 450 சரியா சேருது!! இடது கையில F-உம் C-யும் பிடிச்சுக்கிட்டேன், இடிக்கலை. இப்ப ராகம்?

மணி மாமா: மத்தியம சுருதின்னாலே நவரோஜ். எழுதி வச்சுக்கோ.

பெரியப்பா: அவசரப்படாதே. குறிஞ்சியும் அப்படித்தான் பாடுவாங்க. நிவி, பாட்டு கீழ எதுவரை இறங்குது, மேல எதுவரை ஏறுதுன்னு பாரு. கீழ E-யோட நின்னு மேல D-யோட திரும்பினா குறிஞ்சி பக்கம். கீழ D தாண்டி C வரை போனா நவரோஜ் பக்கம்.

நிவேதா: மேல D-யோட திரும்புது. கீழ E... ஆனா மூணாவது சரணத்துல ஒரு இடத்துல D தொடற மாதிரி இருக்கு. அங்க கோரஸ் வேற.

கௌரி அத்தை: கோரஸ்ல யாரோ இறக்கிப் பாடறாங்க, அதைக் கணக்குல எடுக்காதே.

மணி மாமா: எடுக்கணும். நவரோஜ்தான்.

பெரியப்பா: அந்த நாலு வரியை மட்டும் வெட்டி அனுப்பும்மா.