842 பிரேம்கள் விழுந்தது யாருடைய குற்றம்?

முசிறி மைந்தன்
இணைய இணைப்பு கொடுப்பவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமா? யூடியூப் வீடியோவின் மீது வலது கிளிக் செய்து Stats for nerds என்பதைத் திறங்கள். என் மடிக்கணினியில் இன்று காலை சரியாக ஒரு நிமிடம் ஓடவிட்டு எடுத்தது இது:

```
Viewport / Frames      1366x768 / 842 dropped of 3610
Current / Optimal Res  1920x1080@60 / 1920x1080@60
Codecs                 vp09.00.51.08.01.01.01.01.00 (303) / opus (251)
Connection Speed       41250 Kbps
Network Activity       0 KB
Buffer Health          38.20 s
```

842 பிரேம்கள் வழியிலேயே விழுந்துவிட்டன. நூறு எம்பிபிஎஸ் என்று பணம் வாங்கிக்கொண்டு 41 தருகிறார்கள். Network Activity சுழியம்! புகார் எழுதி அனுப்பிவிட்டேன். நீங்களும் அனுப்புங்கள்.

கம்பிவழி
புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் ஒட்டிய பெட்டியே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

கடைசி வரியைப் பாருங்கள். Buffer Health 38.20 s என்றால், இன்னும் 38 நொடிகளுக்கு வேண்டிய படம் உங்கள் கணினிக்குள் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. அரிசி மூட்டை சமையலறைக்கு வந்த பிறகு சோறு குழைந்தால் லாரிக்காரரைத் திட்டுவீர்களா? நெட் தடுமாறியிருந்தால் அந்த எண் கரைந்து சுழியத்துக்கு வரும், படம் நின்று வட்டம் சுற்றும். பிரேம் விழாது. வந்த பிரேமை உரிய நேரத்தில் திரையில் காட்ட முடியாமல் உங்கள் மடிக்கணினி விட்டுவிட்டதைத்தான் dropped என்று எழுதியிருக்கிறது.

Network Activity சுழியமாக இருப்பதும் கோளாறு இல்லை. பிளேயர் ஒரு வாய் அள்ளும், கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், மறுபடி அள்ளும். நீங்கள் சும்மா இருந்த நொடியில் படம் பிடித்திருக்கிறீர்கள். அந்த 41250 உங்கள் இணைப்பின் வேகம் அல்ல. துண்டுகளை இறக்கிய அனுபவத்தை வைத்துப் பிளேயர் போட்டுக்கொண்ட மதிப்பீடு.

முசிறி மைந்தன்
அரிசி மூட்டைக் கதை நன்றாக இருக்கிறது. dropped என்றால் விழுந்தது. வழியில்தான் எதுவும் விழும். வீட்டுக்கு வந்த பிறகு எப்படி விழும்?

தாமரை
எனக்கும் இந்தப் பெட்டியில் ஒரு சந்தேகம். ஒரு சமையல் வீடியோவில் ஒலியை முழுதாக வைத்தும் சத்தம் குறைவாகவே கேட்கிறது. Volume / Normalized வரியில் 100% / 62% (content loudness 4.1dB) என்று இருக்கிறது. இதற்கும் பிரேம் விழுவதற்கும் தொடர்பு உண்டா அண்ணா?

கம்பிவழி
தொடர்பு இல்லை அம்மா. அவர்கள் அதிகச் சத்தமாகப் பதிவு செய்திருக்கிறார்கள், யூடியூப் தன் அளவுக்கு இறக்கிவிட்டது. 4.1 டெசிபல் இறக்கினால் 62 விழுக்காடுதான் வரும்.

முசிறியாரே, ஒரே ஒரு சோதனை. வீடியோவை ஓடவிட்டு, பஃபர் முப்பது நொடிக்கு மேல் போனதும் வைஃபையை அணையுங்கள். படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இருபது நொடி dropped எண்ணை மட்டும் பாருங்கள். நெட்டே இல்லாதபோதும் அது ஏறினால், குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறார்.

முசிறி மைந்தன்
நான் அதைவிடப் பெரிய சோதனை செய்துவிட்டேன். அதே மடிக்கணினி, அதே வீடியோ, அதே ஒரு நிமிடம். என் இணைப்பை விட்டுவிட்டு மச்சானின் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினேன். முடிவு: 0 dropped of 1811. ஒன்றுகூட விழவில்லை. கணினி மாறவில்லை, நெட் மட்டும் மாறியது. இனி உங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

இரவுக்காவல்
இது நியாயமான கேள்விதான் கம்பிவழி. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்திருக்கிறார். நெட்டில் கொஞ்சமாவது பங்கு இருக்க வேண்டும் அல்லவா?

கம்பிவழி
மற்றதை அப்படியே வைத்திருக்கிறாரா? எண்களைப் படித்தீர்களா, இல்லை தலையை மட்டும் ஆட்டினீர்களா?

வீட்டு நெட்டில் ஒரு நிமிடத்துக்கு 3610 பிரேம்கள். ஹாட்ஸ்பாட்டில் அதே ஒரு நிமிடத்துக்கு 1811. அறுபது நொடிக்கு 3600 என்றால் நொடிக்கு 60. அறுபது நொடிக்கு 1800 என்றால் நொடிக்கு 30. மச்சானின் ஹாட்ஸ்பாட் மெதுவானது, அதனால் தானியங்கித் தேர்வு தரத்தை இறக்கிவிட்டது. 480க்கோ 360க்கோ போனால் 60 பிரேம் வீடியோவும் 30 ஆகிவிடும். படமும் சிறிது, எண்ணிக்கையும் பாதி. அந்தச் சுமையை உங்கள் கணினியால் தூக்க முடிந்தது, அவ்வளவுதான். நெட் மோசமாக இருந்ததால்தான் பிரேம் விழவில்லை!

அந்த நேரத்தில் Current / Optimal Res வரியில் என்ன இருந்தது? அதை மட்டும் சொல்லுங்கள்.

முசிறி மைந்தன்
அந்த வரி முக்கியம் இல்லை. விழுந்தது எத்தனை? சுழியம்.

கம்பிவழி
என்ன இருந்தது?

முசிறி மைந்தன்
854x480@30 என்று இருந்ததாக நினைவு. அதனால் என்ன? பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விழுந்தது சுழியம்.

செம்மொழியன்
ஒரு வேண்டுகோள். "பிரேம்" என்கிறீர்கள், "பஃபர்" என்கிறீர்கள். சட்டகம், இடையகம் என்று அழகான சொற்கள் இருக்கின்றன. dropped என்பதற்கு "கைவிடப்பட்ட" என்று எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. கைவிடுவதற்கு ஒரு ஆள் வேண்டும். தானாக வழியில் விழுந்ததாக யாருக்கும் தோன்றாது.

கம்பிவழி
முதல் முறையாக உங்களோடு உடன்படுகிறேன் செம்மொழியரே. ஆனாலும் இடையகம் என்று எழுத மாட்டேன்.

செம்மொழியன்
போன ஆண்டும் இதையேதான் சொன்னீர்கள். அப்போதும் வருந்தினேன்.

இரவுக்காவல்
சரி, கணினி என்றே வைத்துக்கொள்வோம். இதே கணினியில் தரவிறக்கிய 1080 படங்கள் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று அவரே இங்கே பலமுறை எழுதியிருக்கிறாரே. அது எப்படி?

கம்பிவழி
இது நல்ல கேள்வி. விடை Codecs வரியில் இருக்கிறது. vp09, அடைப்புக்குள் 303. அது VP9 என்ற வீடியோச் சுருக்க வடிவில் 1080, 60 பிரேம். அவருடைய மடிக்கணினி 2012இல் வந்த ஐ3, அதையும் அவரே பெருமையாக எழுதியிருக்கிறார். VP9 வடிவம் இறுதியானதே 2013இல். பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருப்பார்களா? அந்தச் சிப்பில் H.264 என்ற பழைய வடிவை விரித்தெடுக்கத் தனி டிகோடர் உண்டு, VP9க்குக் கிடையாது. தரவிறக்கிய படங்கள் பெரும்பாலும் H.264ஆகவும் நொடிக்கு 24 பிரேமாகவும் இருக்கும். இங்கேயோ பிராசஸர் தன் கையாலேயே நொடிக்கு 60 பிரேம்களை விரித்தெடுக்க வேண்டும். 3610இல் 842 போனால் மிச்சம் நொடிக்கு ஏறத்தாழ 46. பாவம், அது முயன்றிருக்கிறது.

குரோமில் chrome://media-internals என்று தட்டி, ஓடும் வீடியோவைத் தேர்ந்தெடுத்தால் டிகோடர் பெயர் தெரியும். VpxVideoDecoder என்று இருந்தால் பிராசஸரே சுமக்கிறது என்று பொருள்.

வழி இரண்டு. h264ify என்ற நீட்சியைப் போட்டால் Codecs வரி avc1 (299) என்று மாறும், வேலை சிப்பின் டிகோடருக்குப் போகும். அல்லது தரத்தை 720க்கு இறக்குங்கள். முதல் வரியில் Viewport 1366x768 என்று இருக்கிறதே, உங்கள் திரையே அவ்வளவுதான். 1080 படத்தை மெனக்கெட்டு விரித்து, பிறகு சுருக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

முசிறி மைந்தன்
என் மடிக்கணினியை மட்டும் தொடாதீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடுகிறது, ஒரு நாள் படுத்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் பரிந்துரைத்த ரூட்டர் எட்டு மாதத்தில் புகைந்தது, நினைவிருக்கிறதா?

கம்பிவழி
அதை அலமாரிக்குள் பூட்டி வைத்தது நானா? வைஃபையை அணைத்துப் பார்த்தீர்களா, இல்லையா?

முசிறி மைந்தன்
பார்த்தேன். இருபது நொடியில் 842லிருந்து 1120 ஆனது. நெட் திடீரென்று போனால் கணினி தடுமாறத்தானே செய்யும்? இதிலிருந்தே நெட்டுக்குத் தொடர்பு இருப்பது தெரியவில்லையா?

கம்பிவழி
இருபது நொடியில் 278. நொடிக்கு 14. நெட் இருந்தபோது அறுபது நொடியில் 842, அதுவும் நொடிக்கு 14. நெட் இருந்தாலும் போனாலும் ஒரே கணக்கு. இதற்கு மேல் சுவரில்தான் எழுத வேண்டும்.

முசிறி மைந்தன்
எழுதுங்கள். விழுந்தது விழுந்ததுதான்.

நெல்வயல்
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கம்பிவழி ஐயா சொன்ன அனைத்தையும் செய்தேன். என் கணினி போன ஆண்டு வாங்கியது. Codecs வரி avc1 (299), பிராசஸர் பத்து விழுக்காடுகூட வேலை செய்யவில்லை, பஃபர் ஐம்பது நொடி. ஆனாலும் ஒரு நிமிடத்தில் 1802 dropped of 3604. கணினி பலவீனமும் இல்லை, நெட்டும் இல்லை. அப்படியென்றால் யார்?

கம்பிவழி
திரை அட்டையின் டிரைவர் பழையதாக இருக்கும். உலாவி அமைப்பில் வன்பொருள் முடுக்கம் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரவுக்காவல்
அது இல்லை என்று நினைக்கிறேன். சரியாகப் பாதி என்பதைக் கவனித்தீர்களா? திணறுகிற கணினி இவ்வளவு துல்லியமாகப் பாதியை விடாது. நெல்வயல், உங்கள் திரை 4கே ஆக இருந்து பழைய எச்டிஎம்ஐ வழியாக இணைத்திருக்கிறீர்களா? பழைய 1.4 வகையில் 4கே திரை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும். 60 பிரேம் வந்தால் ஒன்று விட்டு ஒன்றைக் காட்ட இடமே இல்லை.

கம்பிவழி
நானும் அதையே சொல்ல வந்தேன். "உரிய நேரத்தில் திரையில் காட்ட முடியாமல்" என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன்.

இரவுக்காவல்
"மடிக்கணினி விட்டுவிட்டது" என்றுதான் எழுதினீர்கள். மேலே போய்ப் படியுங்கள். சற்று முன்புகூட டிரைவர் என்றீர்கள்.

கம்பிவழி
திரையும் கணினியின் பகுதிதான். நெட் இல்லை என்பதில் நான் எங்கே மாறினேன்?

நெல்வயல்
4கே திரைதான். கம்பி பழைய கணினியோடு வந்தது. திரையின் அமைப்பில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று மாலை வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

முசிறி மைந்தன்
பார்த்தீர்களா, கம்பியில்தான் கோளாறு! நானும் ஆரம்பத்திலிருந்து அதைத்தான் சொல்கிறேன். நாளை காலை பத்து மணிக்கு இணைப்பு நிறுவனத்திலிருந்து ஆள் வருகிறார்.

கம்பிவழி
அது எச்டிஎம்ஐ கம்பி ஐயா! வருகிறவருக்குக் காபி கொடுத்து, Codecs வரியையும் காட்டி அனுப்புங்கள்.

தாமரை
அண்ணா, 62 விழுக்காடு என்பது புரிந்தது. அதை நூறாக்க வழி இருக்கிறதா?