ஒரு வயசுக்கு மேல பசும்பால்: ரத்தம் குறைஞ்ச அனுபவம் யாருக்காவது உண்டா?

தூக்கமில்லாஅம்மா:
பையனுக்கு 15 மாசம். முதல் பிறந்தநாள் முடிஞ்சதும் பசும்பாலுக்கு மாறினோம். சாப்பாடு வேண்டாம்னு வாயை மூடிக்குவான், பாட்டிலைக் கண்டா சிரிப்பான். ஒரு நாளைக்கு 240 மில்லியில நாலு பாட்டில். உடம்பும் நல்லா கொழுகொழுன்னு இருந்தான், சந்தேகமே வரல. பேப்பரைக் கிழிச்சுத் தின்பான், அதையும் குறும்புன்னு விட்டுட்டேன். சளிக்குக் காட்டப் போன இடத்துல டாக்டர் கீழ் இமையை விரலால இழுத்துப் பார்த்தாங்க. உள்பக்கம் வெள்ளைக் காகிதம் மாதிரி. அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஹீமோகுளோபின் 7.9.

இரும்புச் சொட்டு மருந்து கொடுத்தாங்க. துப்பிடுறான்னு பால்லயே கலந்து கொடுத்தேன். ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா 8.1!

ரெண்டுபொண்ணுஅப்பா:
எங்க பெரியவ ஒரு லிட்டர் குடிச்சு வளர்ந்தவ, ஒண்ணும் ஆகல. பால் கெட்டியா இருக்கறதுதான் பிரச்சினை, தண்ணி கலந்து கொடுங்க.

முன்னாள்நர்ஸ்:
அப்பா, தண்ணி கலந்தா சத்துதான் குறையும், வயிறு அப்பவும் ரொம்பிடும். பால்ல இரும்பு இல்லைன்னே சொல்லலாம். அதுல இருக்கற கால்சியம் மத்த இரும்பையும் உடம்புல சேர விடாது. அதனாலதான் பால்ல கலந்த மருந்து வேலை செய்யல. சில குழந்தைகளுக்குக் குடல்ல கண்ணுக்குத் தெரியாம ரத்தமும் கசியும். உங்க பொண்ணுக்கு ரத்தம் பார்த்தீங்களா? பார்க்காம ஒண்ணும் ஆகலன்னு எப்படிச் சொல்றீங்க?

என் பேரனுக்கும் இதே கதைதான், 9.4ல பிடிச்சோம். பாலை 500 மில்லிக்குள்ள நிறுத்துங்க. பாட்டிலை விட்டுட்டு டம்ளருக்கு மாறுங்க, அளவு தானா குறையும். சாப்பாடு முதல்ல, பால் அப்புறம். கறி, முட்டை, பருப்பு எதுவானாலும் சரி. மருந்தைப் பாலோட சேர்க்காம தனியா, ஆரஞ்சுச் சாறோட கொடுங்க. கன்னத்து உள்பக்கமா விட்டா பல்லுல கறை குறையும். மலம் கறுப்பாப் போனா பயப்படாதீங்க. ஹீமோகுளோபின் 11 வந்ததும் மருந்தை நிறுத்திடாதீங்க, உடம்புல இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும்.

புதுசுஇங்க:
என் பாப்பாவுக்கு 8 மாசம். டம்ளர்ல கொடுத்தா இப்பவே பசும்பால் தரலாமா?

முன்னாள்நர்ஸ்:
வேண்டாம்மா. டம்ளர் இல்ல பிரச்சினை, வயசு. ஒரு வயசு வரைக்கும் தாய்ப்பால், இல்லைன்னா ஃபார்முலா.

ரெண்டுபொண்ணுஅப்பா:
அப்ப எங்க காலத்துப் பிள்ளைங்க எல்லாம்?

தூக்கமில்லாஅம்மா:
சண்டை வேண்டாம் ப்ளீஸ். மருந்தைத் தனியாக் கொடுத்து, பாலை ரெண்டு டம்ளராக் குறைச்சு ஒரு மாசம் ஆச்சு. நேத்து 9.8. முதல் நாலு நாள் அழுகை, அஞ்சாவது நாள் முட்டையைத் தானா எடுத்து வாயில வச்சான். பேப்பரைத் தொடறதில்ல. ஆனா ராத்திரி ரெண்டு மணி பாட்டிலை மட்டும் விடவே மாட்டேங்கறான். அதை எப்படி நிறுத்தினீங்க?