லீஸ் முடியறதுக்கு முன்னாடி கிளம்பணும், கூட இருக்கிற அக்காகிட்ட எப்படிச் சொல்றது?

வானதி:
நானும் இன்னொரு அக்காவும் சேர்ந்து ஃபிளாட் எடுத்திருக்கோம். ஒரே லீஸ்ல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. முடிய இன்னும் 7 மாசம். எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சு 6 வாரத்துல போகணும். வாடகை 1,200, ஆளுக்குப் பாதி. அக்கா நல்லவங்க, அதனாலேயே சொல்ல வாய் வரல. முதல்ல ஏஜென்டுக்கு மெயில் போட்டு, அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு அக்காகிட்ட பேசட்டுமா?

செந்தில்:
ஏஜென்டுக்கு ஒரு மாச நோட்டீஸ் கொடுத்தா போதும்ங்க. உங்க பாதி அதோட முடிஞ்சுது. நான் அப்படித்தான் காலி பண்ணினேன்.

தேவகி:
செந்தில், உங்களுடையது ரூம் ரூமாகத் தனித்தனி ஒப்பந்தம் போட்ட வீடாக இருந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே லீஸில் கையெழுத்துப் போட்டால், பெரும்பாலான இடங்களில் ஓனர் முழு 1,200-ஐயும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். 'என் பாதி' என்பது உங்களுக்குள் இருக்கும் கணக்கு, ஓனரைக் கட்டுப்படுத்தாது. வானதி நிறுத்தினால் அக்கா தலையில்தான் விழும்.

அதனால் வானதி, அக்காவிடம்தான் முதலில் சொல்லணும். ஏஜென்ட் மெயிலில் அவரையும் சேர்த்துப் பதில் போட்டால், உங்கள் வாயால் கேட்க வேண்டியதை அவர் இன்பாக்ஸில் படிப்பார். சொல்லும்போது தேதியும் கையில் ஒரு ஏற்பாடும் இருக்கட்டும். "அக்கா, இன்ன தேதிக்குக் கிளம்பறேன். ஆள் தேடறது, விளம்பரம், பேப்பர் செலவு எல்லாம் என் பொறுப்பு. யார் வரணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ஆள் வர்ற வரைக்கும் என் 600 வந்துடும்." இவ்வளவு போதும். அன்றைக்கே பதில் கேட்காதீர்கள். மறுநாள் பேசியதை அப்படியே ஒரு மெசேஜாக அனுப்பிவையுங்கள்.

கணக்கையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் கிளம்பும்போது ஐந்தரை மாதம் மிச்சம் இருக்கும். ஒரு மாதம் கழித்து ஒருவர் வந்து, 550தான் தருவேன் என்கிறார் என்று வையுங்கள். காலியாக இருந்த மாதத்துக்கு 600, பிறகு மாதம் 50 வீதம் நாலரை மாதத்துக்கு 225. மொத்தம் 825. அதை இப்போதே ஒதுக்கி வைத்தால் பின்னால் மனக்கசப்பு வராது.

புது ஆளை ஓனர் ஒத்துக்கொண்டு லீஸில் பெயரை மாற்றினால்தான் உங்களுக்கு விடுதலை. சும்மா உள்ளே குடிவைத்தால் அது உள்வாடகை. அவர் பணம் கட்டாவிட்டால் உங்களைத்தான் தேடுவார்கள், சில லீஸில் அதற்கு அனுமதியே இருக்காது.

ரஃபீக்:
உங்க ரூம்மேட் போறாங்கன்னா டெபாசிட்டை விட்டுடாதீங்க சிஸ்டர்! நான் ஒருத்தர் இடத்துக்குப் போனேன், அவர் பங்கு டெபாசிட்டை அவர் கையிலயே கொடுத்தேன். கடைசியில கார்ப்பெட்ல அயர்ன் பாக்ஸ் சுட்ட தடத்துக்கு என் காசுல பிடிச்சாங்க. அது நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. நிரூபிக்க ஒரு போட்டோகூட இல்ல.

தேவகி:
ரஃபீக், போகப்போவது வானதிதான். ஆனால் நீங்கள் சொன்னது இவருக்கும் தேவை. பல இடங்களில் டெபாசிட் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தொகையாக இருக்கும், பாதியில் பிரித்துத் தரமாட்டார்கள். அதனால் வருகிறவர் போகிறவருக்குக் கொடுப்பதுதான் வழக்கம். கொடுக்கும் முன் மூன்று பேரும் ரூம் ரூமாக நடந்து பார்த்து, சுவர், தரை, பாத்ரூம் என்று போட்டோ எடுங்கள். பழைய சேதத்துக்கு ஆகும் தொகையை வானதி பங்கில் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கட்டும். அன்றைக்கே கரண்ட், கேஸ் மீட்டரையும் எண் தெரிகிற மாதிரி எடுத்தால் பில் சண்டை வராது.

குமரன்:
லீஸ் முடியற வரைக்கும் வானதி கட்டறதுதான் நியாயம். கையெழுத்துப் போட்டது போட்டதுதானே? ஆள் கிடைக்கலன்னா அந்த அக்கா என்ன பண்ணுவாங்க?

தேவகி:
சட்டப்படி நீங்கள் சொல்வதுதான் சரி, குமரன். ஆனால் அக்கா வருகிற எல்லோரையும் வேண்டாம் என்றால்? நான் 2 மாத வரம்பு வைத்து, அதற்குள் நியாயமான மூன்று பேரைக் காட்டிவிட்டால் போதும் என்று பேசிக்கொள்ளச் சொல்வேன். அதையும் அக்கா சம்மதித்தால்தான்.

குமரன்:
என்னால ஏத்துக்க முடியல. தனியா மாட்டிக்கிறது அவங்கதான்.

வானதி:
ராத்திரி சொல்லிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ரெண்டே கேள்வி கேட்டாங்க, வர்றவங்க பொண்ணா இருப்பாங்களா, இன்டர்நெட் உன் பேர்லதானே இருக்குன்னு. முதலாவதுக்கு உங்க முடிவுதான் அக்கான்னேன். ரெண்டாவதுக்கு, அந்த ஒப்பந்தம் முடிய இன்னும் 9 மாசம் இருக்கு. பேர் மாத்த முடியுமா, இல்ல ரத்து பண்ண பணம் கட்டணுமா, யாராவது செஞ்சிருக்கீங்களா? வரம்பு பத்தி ஞாயித்துக்கிழமை உக்காந்து பேசறோம். ஏஜென்டுக்கு அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதறோம்.