லீட் போட்டும் ஃபேஸ் மார்ஜின் கணக்குப்படி வரவில்லை: அனுபவங்களைப் பகிருங்கள்

சுழலி: மோட்டார் பொசிஷன் லூப், `G(s) = 500/(s(s+5))`. கிராஸ்ஓவர் 22 rad/s, மார்ஜின் 13 டிகிரிதான். 50 தேவை என்பதால் லீட் காம்பென்சேட்டர் சேர்த்தேன்: போல்-ஜீரோ விகிதத்தை 6 ஆக எடுத்து, 22-லேயே உச்சம் வருமாறு ஜீரோவை 9-லும் போலை 54-லும் வைத்தேன். மோட்டாரின் 13-உம் லீட்டின் உச்சமான 45-உம் சேர்ந்து 58 வரும் என்பது கணக்கு. வந்ததோ 46.

போடேகோடு: லீட் ஃபேஸை மட்டும் ஏற்றுவதில்லை, கெயினையும் ஏற்றிவிடுகிறது. அதனால் உங்கள் கிராஸ்ஓவர் 22-ஐ விட்டு 44-க்குப் போய்விட்டது. அங்கே மோட்டாருக்கு மிச்சம் வெறும் 6 டிகிரி, லீட்டும் உச்சத்தைத் தாண்டி 39-க்கு இறங்கிவிட்டது.

உச்சத்தில் லீட்டின் கெயின் √6, அதாவது 2.45. எனவே மோட்டாரின் கெயின் 1/2.45 ஆகும் இடத்தை முதலில் தேடுங்கள். அது 34.8 rad/s. அதையே நடுவாக வைத்தால் ஜீரோ 14.2, போல் 85. மார்ஜின் ஏறக்குறைய 54.

மெதுவண்டி: இவ்வளவு எதற்கு? லேக் போட்டால் கெயின் இறங்கும், மார்ஜின் தானாக வரும்.

போடேகோடு: வரும், ஆனால் விலை அதிகம். 55 டிகிரி மிச்சமிருக்கும் இடம் 3.5 rad/s. அங்கே கெயின் 23 மடங்கு இருப்பதால் அவ்வளவையும் லேக் குறைத்தாக வேண்டும். 22-இல் இருந்த லூப் 3.5-க்கு வந்தால் மோட்டார் தூங்கி வழியும். வேகம் வேண்டாத, ஹீட்டர் மாதிரி இடங்களுக்கு லேக் சரி.

ஆர்சி: இதையே ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வைத்துக் கட்டுபவர்கள் கவனிக்க: சிக்னல் பாதையில் 68k, அதற்கு இணையாக 1 µF, அவுட்புட்டிலிருந்து தரைக்கு 13.6k. இது டிசி கெயினை ஆறில் ஒன்றாக்கிவிடும். பின்னால் 6 மடங்கு பெருக்கி வேண்டும். மறந்தாலும் மார்ஜின் 55 என்று அழகாகக் காட்டும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது! கிராஸ்ஓவர் 9-க்கு விழுந்ததையும், ராம்ப் கொடுத்தால் பிழை 6 மடங்கானதையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

மின்வழங்கி: என் பவர் சப்ளையிலும் இதே குறைதான். ஆப்டோகப்ளரின் கலெக்டர் பக்க ரெசிஸ்டரைக் கூட்டியதும் மார்ஜின் சரிந்தது.

போடேகோடு: அது வேறு நோய். ரெசிஸ்டர் கூடினால் ஆப்டோவின் போல் கீழே இறங்கும். அந்தப் போலையும் கணக்கில் சேர்த்த பிறகு ஜீரோவுக்கு இடம் பாருங்கள்.

சுழலி: 14.2, 85 வைத்தாயிற்று. இப்போது மார்ஜின் 44 காட்டுகிறது. கன்ட்ரோலரில் மொத்தம் 5 ms தாமதம் உண்டு.

போடேகோடு: 34.8 × 0.005 = 0.174 ரேடியன், 10 டிகிரி. பொருந்துகிறது.

சுழலி: அப்படியானால் விகிதத்தை 10 ஆக்கலாமா?

ஆர்சி: கிராஸ்ஓவர் இன்னும் மேலே போகும், தாமதம் இன்னும் தின்னும். என்கோடர் இரைச்சலும் 10 மடங்காகும். தாமதத்தை முதலில் குறைத்துப் பாருங்கள்.

போடேகோடு: நான் 8 வரை முயல்வேன். டிரைவர் அதைத் தாங்குமா என்பது அலைக்காட்டியில் பார்த்தால்தான் தெரியும்.