டைட் பைண்டிங் சங்கிலி: எஃபெக்டிவ் மாஸ் தப்பாக வருகிறது, உதவுங்கள்

பாளை முத்து: வணக்கம். அணுச் சங்கிலி, டைட் பைண்டிங். பேண்டின் கீழ் விளிம்பில் எஃபெக்டிவ் மாஸ் எடுக்கணும். சூத்திரத்தில் 0.42, ப்ரோக்ராமில் 0.92. ப்ரோக்ராம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. நாளைக்குப் பாளையங்கோட்டையில் ரெக்கார்டு வைக்கணும், அவசரம்.

வள்ளியூர் செல்வி: t எவ்வளவு? a எவ்வளவு? 0.42 என்பது எலக்ட்ரான் நிறையின் மடங்கா? எதுவுமே சொல்லவில்லையே.

தென்காசி ராஜன்: தம்பி, இது 2 விட்டுப்போன கேஸ். ஃபிட் பண்ணினால் k²-இன் குணகம் கிடைக்கும். வளைவு அதைப் போல இரண்டு மடங்கு. அந்த 2-ஐப் போடு, சரியாகிவிடும்.

பழைய வாத்தியார்: கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. சங்கிலி என்றால் எத்தனை அணு, முனை திறந்ததா மூடியதா, எந்த இடைவெளியில் ஃபிட், இதெல்லாம் எழுதத் தெரியாதவருக்கு ரெக்கார்டு எதற்கு? இந்த இழைகளில் பல வருடமாக இதையே சொல்லி வருகிறேன்.

பாளை முத்து: மன்னிக்கணும் ஐயா. t = 1 eV, a = 3 Å. எலக்ட்ரான் நிறையின் மடங்குதான்.

```
k = np.linspace(-np.pi/a, np.pi/a, 201)
E = -2*t*np.cos(k*a)
c = np.polyfit(k, E, 2)
m = 7.62/(2*c[0])
```

சேரன்மகாதேவி கண்ணன்: எனக்கும் இதே பிரச்சினை! 10 அணு வைத்து மேட்ரிக்ஸ் போட்டேன், கீழ் மட்டம் -2 வரவே இல்லை, -1.919-இல் நிற்கிறது.

அம்பை மீனா: கண்ணன், உங்களுடையது வேறு கதை. முனை திறந்திருந்தால் மட்டங்கள் -2t cos(nπ/11) என்று வரும், முதலாவது -1.919 eV. முதல் அணுவையும் கடைசி அணுவையும் -t போட்டு இணைத்தால் -2 வரும்.

முத்து, ராஜன் அண்ணன் சொன்ன 2 உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. வெறும் 2 விட்டுப்போயிருந்தால் 0.85 வந்திருக்கும். உங்களுக்கு வருவது 0.92, அதாவது 2.17 மடங்கு. இந்த எண்ணே குற்றவாளியைக் காட்டிவிடுகிறது. நீங்கள் -π/a முதல் π/a வரை முழு கொசைனுக்கும் ஒரு பரவளையத்தைப் பொருத்துகிறீர்கள். அந்த ஃபிட்டைக் கையால் போட்டாலும் நிறை π⁴/45 மடங்காகும், அது 2.16. கொசைன் அடியில்தான் பரவளையம் மாதிரி இருக்கும். பாதி வழியில் வளைவு மாறி, மேலே கவிழ்ந்துவிடும். கவிழ்ந்த பகுதியும் ஃபிட்டில் சேர்வதால் பரவளையம் அகன்று, நிறை கூடிப்போகிறது.

|ka| 0.3-க்குள் மட்டும் புள்ளிகளை எடுங்கள். அடுத்த உறுப்பான k⁴ இன்னும் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் பிழை தரும், 0.426 போல வரும். 1 வரை போனால் பிழை 7 சதவீதமாகிவிடும். ஃபிட்டின் மேல் E-ஐ வரைந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

தென்காசி ராஜன்: காரணி 2-க்குப் பக்கத்தில் வந்ததால் அப்படிச் சொன்னேன். மேல் விளிம்பில் எடுத்தால் மைனஸ் வருமே, அதையும் எழுதச் சொல்லுங்கள்.

அம்பை மீனா: ஆமாம், அங்கே அதே 0.42, குறி மட்டும் மைனஸ். அதனால்தான் நிரம்பிய பேண்டின் உச்சியில் விட்டுப்போன இடத்தைக் கூட்டல் நிறையுள்ள ஹோல் என்று வைத்துக்கொள்கிறோம்.

பழைய வாத்தியார்: நடுவைச் சொல்லாமல் விட்டீர்கள். ka = π/2-இல் நிறை முடிவிலி. எலக்ட்ரான் அங்கே நகராது.

அம்பை மீனா: ஐயா, அங்கேதான் வேகமே அதிகம். 2ta/ħ, இந்த எண்களுக்கு நொடிக்குச் சுமார் 900 கி.மீ. வளைவு பூச்சியம் என்றால் அந்தக் கணத்தில் விசை வேகத்தை மாற்றாது, அவ்வளவுதான். k பாட்டுக்கு மாறிக்கொண்டே போகும்.

பழைய வாத்தியார்: அப்படியானால் விளிம்பை விட்டு வெளியே நிறை என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. பையன்களைக் குழப்புகிறீர்கள்.

வள்ளியூர் செல்வி: எடுக்கலாம் ஐயா, k-ஐச் சேர்த்துச் சொன்னால். நடுவில் எந்த k என்று சொல்லாமல் நிறை என்பதற்கு அர்த்தமில்லை.

பழைய வாத்தியார்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பாளை முத்து: 0.426 வந்துவிட்டது. மேல் விளிம்பில் -0.426. நன்றி மீனா அக்கா.

சேரன்மகாதேவி கண்ணன்: இணைத்தேன், கீழே -2 வந்தது. ஆனால் நடு மட்டங்கள் இரண்டிரண்டாக ஒரே எண்ணில் வருகின்றனவே, இது சரியா?